ஆற்றல் வரைபடத்தில் கிளர்வு ஆற்றலையும் வினையூக்கியின் வேலையையும் படித்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தக்கலைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். வினைவேகவியல் பாடத்தில் வரும் அந்த மேடு பள்ள வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். "கிளர்வு ஆற்றல் எவ்வளவு?" என்று எண்ணாகக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது: எந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்பதில்.

அதனால் ஒரே ஒரு வினையை எடுத்து, வரைபடத்தை வரைவதிலிருந்து படிப்பது வரை முழுதாகச் செய்து பார்ப்போம். வினை, ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது:

H₂O₂ → H₂O + ½ O₂

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ வாங்கும் 3 சதவீத பெராக்சைடு மாதக்கணக்கில் பாட்டிலில் அப்படியே இருக்கும். இந்த வினை வெப்பத்தை வெளியிடும் வினைதான், ஆனாலும் தானாகப் பிரிவது மிக மெதுவாக நடக்கிறது. அதில் கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடைப் போட்டால் உடனே நுரைத்துக்கொண்டு வரும், தொட்டுப் பார்த்தால் பாத்திரம் சூடாக இருக்கும். முன்பும் பின்பும் பிரிவது அதே பெராக்சைடுதான். வேகம் மட்டும் ஏன் மாறியது என்பதற்கான விடை வரைபடத்தில் இருக்கிறது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராஃப் தாள், ஸ்கேல், இரண்டு நிறப் பென்சில். இரண்டு நிறம் கட்டாயம் வேண்டும். வினையூக்கி உள்ள பாதையைப் புள்ளிக்கோடாகத்தான் அச்சடிப்பார்கள். ஜெராக்ஸ் நோட்டில் அந்தப் புள்ளிக்கோடு பாதி அழிந்துபோய், இரண்டு வளைவும் ஒன்றோடொன்று குழம்பி நிற்கும். அப்படிப்பட்ட தாளில் அளக்கத் தொடங்கும் முன் இரண்டு பாதைகளையும் வெவ்வேறு நிறத்தில் மேலே ஓட்டிவிடுங்கள்.

எண்கள் மூன்று போதும். இந்த வினையின் என்தால்பி மாற்றம், அதாவது ΔH, ஒரு மோலுக்கு −98 கிலோ ஜூல். வினையூக்கி இல்லாதபோது கிளர்வு ஆற்றல் சுமார் 75 கிலோ ஜூல். அயோடைடு இருக்கும்போது சுமார் 56. அளந்த முறையைப் பொறுத்துப் புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். நாம் படிக்கும் முறையை அது பாதிக்காது.

## 2. முதலில் அச்சுகளைப் படியுங்கள், வளைவை அல்ல

செங்குத்து அச்சு ஆற்றல். அதில் ஒரு சென்டிமீட்டர் எத்தனை கிலோ ஜூல் என்று பார்த்துத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நம் படத்தில் 1 செ.மீ. = 20 கிலோ ஜூல்.

கிடைமட்ட அச்சு வினை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பழைய பிணைப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது, புதியது எவ்வளவு உருவாகியிருக்கிறது என்ற முன்னேற்றம் அது. நேரம் அல்ல.

இதை நேரம் என்று எடுத்துக்கொண்டால் அடுத்ததாக ஒரு தவறான கேள்வி வரும்: "சார், வினையூக்கி போட்டா சீக்கிரம் முடியணுமே, ரெண்டு வளைவும் ஏன் ஒரே இடத்துல முடியுது?" அந்த அச்சில் நேரமே இல்லை என்பதுதான் பதில். மேடு அகலமாக இருக்கிறதா குறுகலாக இருக்கிறதா என்பதிலிருந்து வேகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உயரங்களை மட்டும் படியுங்கள்.

## 3. இரண்டு தட்டைக் கோடுகளை வரையுங்கள்

வளைவு இடப்பக்கம் தட்டையாகத் தொடங்கும். அது வினைபடு பொருளின் ஆற்றல். வலப்பக்கம் தட்டையாக முடியும். அது விளைபொருள்களின் ஆற்றல். நம் படத்தில் பெராக்சைடை 120ல் வைப்போம், அதாவது அடியிலிருந்து 6 செ.மீ. ΔH −98 என்பதால் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து 22ல் நிற்கும், அது 1.1 செ.மீ.

120 என்பது நானாக வைத்த எண். பூச்சியத்தை எங்கே வைப்பது என்பது வரைபவரின் விருப்பம், வினைக்கு அதில் பங்கில்லை. நமக்கு வேண்டியது எப்போதும் இரண்டு உயரங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான்.

இப்போது 120ல் ஸ்கேலை வைத்து, அந்தத் தட்டைக் கோட்டை வலப்பக்க ஓரம் வரைக்கும் மெல்லியதாக நீட்டுங்கள். 22க்கும் அதே மாதிரி இடப்பக்கம் நீட்டுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இதுதான். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான். இந்த இரண்டு கோடுகளும் இருந்துவிட்டால், பிறகு வரும் அம்புகள் எல்லாம் இவற்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

## 4. உச்சியைக் குறித்து, வினைபடு பொருளின் கோட்டிலிருந்து அளவெடுங்கள்

வினையூக்கி இல்லாத வளைவின் உச்சியை 195ல், அதாவது 9.75 செ.மீ. உயரத்தில் குறியுங்கள். அங்கே இருப்பது கிளர்வுற்ற அணைவு. பழைய பிணைப்பு முழுதாக அறுந்திருக்காது, புதியதும் முழுதாக உருவாகியிருக்காது. அதைப் பிரித்தெடுத்துப் பாட்டிலில் வைக்க முடியாது. உச்சிக்கு இரு பக்கமும் சரிவுதான் என்பதால் அது அங்கே தங்கவே தங்காது.

நீங்கள் நீட்டிய 120 கோட்டிலிருந்து இந்த உச்சிக்கு நேராக ஒரு மேல்நோக்கிய அம்பு போடுங்கள். அதன் நீளம்தான் முன்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல், Ea.

195 − 120 = 75 கிலோ ஜூல்

இங்கேதான் முதல் பெரிய தவறு. "சார், உச்சி 195ல நிக்குது. அப்போ Ea 195தானே?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் திருப்பிக் கேட்பேன்: "மக்களே, பெராக்சைடு பூச்சியத்துல இருந்தா தொடங்குது?" தொடங்கும்போதே அதனிடம் 120 இருக்கிறது. இன்னும் எவ்வளவு தேவை என்பதுதான் கிளர்வு ஆற்றல்.

195 என்ற எண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு, திரெஷோல்டு ஆற்றல். மூலக்கூறுகள் வினைபுரிய மொத்தமாக எட்ட வேண்டிய உயரம் அது. கேள்வியில் இந்த இரண்டில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வரைபடத்தில் வினைபடு பொருளைப் பூச்சியத்தில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். அப்படிப்பட்ட படங்களை மட்டும் போட்டுப் பழகியவர்கள்தான் வேறு படத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 120ல் தொடங்கியது அதற்காகத்தான்.

இரண்டாவது தவறு, உச்சியை விளைபொருளின் கோட்டிலிருந்து அளப்பது. 195 − 22 = 173 என்று வரும். அந்த எண் தவறானதல்ல, அது வேறு கேள்விக்கு விடை. தண்ணீரும் ஆக்சிஜனும் இதே பாதையில் திரும்பிப் பெராக்சைடாக வேண்டுமென்றால் ஏற வேண்டிய உயரம் அது, அதாவது பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல்.

## 5. ΔH அம்பைப் போட்டு, மூன்று எண்களையும் சரிபாருங்கள்

120 கோட்டிலிருந்து 22 கோட்டுக்கு ஓர் அம்பு. தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கித்தான் போட வேண்டும். இங்கே அது கீழ்நோக்கி வருவதால் குறி மைனஸ்.

22 − 120 = −98 கிலோ ஜூல்

முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். வரிசை மாறினால் வெப்பம் உமிழும் வினை வெப்பம் கொள்ளும் வினையாகிவிடும்.

இப்போது சரிபார்ப்பு. பின்னோக்கு Ea என்பது முன்னோக்கு Ea-யிலிருந்து ΔH-ஐக் கழித்தது: 75 − (−98) = 173. நான்காம் படியில் நேராக அளந்ததும் 173. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று அம்புகளில் ஏதோ ஒன்று தவறான கோட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. கணக்கைத் திரும்பப் போட வேண்டாம், அம்புகளைப் பாருங்கள்.

இன்னொரு விரைவுச் சோதனையும் உண்டு. வெப்பம் கொள்ளும் திசையில் கிளர்வு ஆற்றல் ஒருபோதும் ΔH-ஐவிடக் குறைவாக இருக்க முடியாது. பின்னோக்கித் திரும்ப 98 ஏறியே ஆக வேண்டும், உச்சி அதற்கும் மேலே இருக்கிறது. 173 அதைவிடப் பெரியது, சரி.

பாட்டிலில் பெராக்சைடு ஏன் அப்படியே கிடக்கிறது என்பதும் இங்கே தெரியும். கடைசியில் 98 இறக்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதலில் 75 ஏற வேண்டும். அறை வெப்பநிலையில் அவ்வளவு ஆற்றலோடு இருக்கும் மூலக்கூறுகள் மிகச் சிலவே. ΔH பெரிய மைனஸ் எண் என்பதால் வினை வேகமாக நடக்கும் என்று எழுதுகிறவர்கள், இரண்டு வேறு அம்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

## 6. வினையூக்கி உள்ள பாதையை இரண்டாவது நிறத்தில் வரையுங்கள்

அயோடைடு இருக்கும்போது வினை இரண்டு படிகளாக நடக்கிறது.

H₂O₂ + I⁻ → H₂O + IO⁻ (மெதுவானது)

H₂O₂ + IO⁻ → H₂O + O₂ + I⁻ (வேகமானது)

இதில் இரண்டு பெராக்சைடு செலவாகிறது. நம் வரைபடம் ஒரு மோல் பெராக்சைடுக்கு என்பதால் ΔH −98 என்றே வைத்துக்கொள்கிறோம்.

படிகள் இரண்டு என்பதால் மேடுகளும் இரண்டு. 120ல் தொடங்கி முதல் உச்சி 176ல் (8.8 செ.மீ.), நடுவில் ஒரு பள்ளம், பிறகு அதைவிடச் சிறிய இரண்டாம் உச்சி, கடைசியில் 22. பள்ளத்தை 140லும் இரண்டாம் உச்சியை 165லும் வையுங்கள். இந்த இரண்டும் படம் வரைவதற்காக நான் வைத்த உயரங்கள், சோதனையில் அளந்தவை அல்ல. முதல் உச்சிதான் உயர்ந்தது என்பது மட்டும் வினையிலிருந்து வருகிறது, ஏனென்றால் முதல் படிதான் மெதுவானது.

பள்ளத்தில் இருப்பது IO⁻. இது இடைநிலைப் பொருள். உச்சியில் இருப்பதோடு இதைக் குழப்பக் கூடாது. பள்ளத்தில் இருப்பதற்கு இரு பக்கமும் ஏற்றம், ஆகவே அது கொஞ்ச நேரமாவது நிற்கும். உச்சியில் இருப்பது நிற்காது. வரைபடத்தில் எத்தனை பள்ளங்கள் என்று எண்ணினால் இடைநிலைப் பொருள்கள் எத்தனை என்று தெரியும், எத்தனை உச்சிகள் என்று எண்ணினால் படிகள் எத்தனை என்று தெரியும்.

இப்போது அதே 120 கோட்டிலிருந்து உயர்ந்த உச்சிக்கு அம்பு:

176 − 120 = 56 கிலோ ஜூல்

இரண்டு மேடுகளின் ஏற்றத்தையும் கூட்டுவது இந்தப் படியில் அடிக்கடி வரும் தவறு. 56 + 25 = 81 என்று போட்டுவிட்டு, "வினையூக்கி போட்டா Ea கூடுது சார்" என்பார்கள். கூட்டக் கூடாது. முதல் மேட்டைத் தாண்டி பள்ளத்துக்கு வந்தால் இரண்டாம் உச்சிக்கு இன்னும் 25தான், அது முதல் உச்சியைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. வேகத்தை முடிவு செய்வது உயர்ந்த முதல் உச்சி. பள்ளம் தொடக்கக் கோட்டுக்கும் கீழே ஆழமாக இறங்கினால் மட்டும் கதை மாறும், அப்போது அந்தப் பள்ளத்திலிருந்து ஏறும் உயரத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக் கேள்விகளில் அது அநேகமாக வராது.

## 7. எது மாறவில்லை என்று பாருங்கள்

இரண்டு நிறப் பாதைகளும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகின்றன. அயோடைடு முதல் படியில் செலவாகி இரண்டாம் படியில் திரும்பி வருகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அது அப்படியே இருப்பதால், இரண்டு தட்டைக் கோடுகளுக்கும் இடையிலுள்ள உயரம் மாறுவதில்லை. ΔH −98 அப்படியே −98. வினையூக்கி போட்ட படத்தில் வலப்பக்கக் கோட்டைக் கீழே இறக்கி வரைந்திருந்தால் அந்தப் படம் தவறு.

முன்னோக்கு Ea 75லிருந்து 56 ஆனது, 19 குறைந்தது. பின்னோக்கு Ea 176 − 22 = 154. அது 173 ஆக இருந்தது, அங்கேயும் 19தான் குறைந்திருக்கிறது. இது தற்செயல் அல்ல. உச்சி எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவு இரு பக்கமிருந்தும் இறங்கியாக வேண்டும். சமநிலை வினைகளில் வினையூக்கி சமநிலையை எந்தப் பக்கமும் நகர்த்துவதில்லை, அங்கே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்குக் காரணம் இந்த ஒரே அளவுக் குறைவு.

"வினையூக்கி கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது" என்று எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பழைய மேடே அமுங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலையும் ரயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகின்றன. கணவாய் இருக்கிறது என்பதால் பக்கத்திலுள்ள மலை தாழ்ந்துவிடவில்லை, இரண்டு ஊர்களின் உயரமும் மாறவில்லை. வழி வேறு, அவ்வளவுதான். அயோடைடு இருக்கும் கரைசலிலும் 75 உயரப் பாதை அப்படியே இருக்கிறது. சில மூலக்கூறுகள் அதிலும் போகும். பெரும்பாலானவை 56 பாதையில் போகின்றன. அதனால்தான் பழைய வளைவை அழிக்காமல், இரண்டையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறோம்.

## 8. சூடாக்குவதையும் வினையூக்கியையும் பிரித்துப் பாருங்கள்

"வெப்பநிலையைக் கூட்டினால் வளைவு எப்படி மாறும்?" என்று கேட்டால் மேட்டைத் தாழ்த்தி வரைகிறவர்கள் நிறைய. சூடாக்கும்போது மேடு அங்கேயே இருக்கிறது. மேட்டைத் தாண்டும் அளவுக்கு ஆற்றலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. அது இந்த வரைபடத்தில் தெரியவே தெரியாது. வளைவு மாறினால் காரணம் பாதை மாறியது, வளைவு மாறாமல் வேகம் மட்டும் மாறினால் காரணம் வெப்பநிலையோ செறிவோ.

அர்ஹீனியஸ் சமன்பாட்டை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

k = A e^(−Ea/RT)

இதில் k வேக மாறிலி, A மோதல்களைப் பொறுத்த முன்காரணி, R வாயு மாறிலி (8.314), T கெல்வினில் வெப்பநிலை; 25 டிகிரி என்பது 298 கெல்வின்.

25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடாக்கினால், Ea 75 உள்ள பாதையில் வேக மாறிலி சுமார் 2.7 மடங்காகும். அதே 25 டிகிரியில் வைத்துக்கொண்டு Ea-யை 19 குறைத்தால்? 19000-ஐ 8.314 × 298 ஆல் வகுத்தால் 7.67 வரும். e-இன் 7.67 அடுக்கு சுமார் 2100. அதாவது இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இதில் 19000 என்பது ஜூல். R ஜூலில் இருக்கும்போது Ea-யைக் கிலோ ஜூலிலேயே போட்டு, "கிட்டத்தட்ட ஒண்ணுதான் வருது" என்று நிற்பார்கள். அலகை மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

இந்த 2100 மடங்கு என்ற எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. A இரண்டு பாதையிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் பாதை மாறும்போது A-யும் மாறும். தவிர, அயோடைடு எவ்வளவு போட்டோம் என்பதையும் பொறுத்து வேகம் இருக்கும், ஏனென்றால் மெதுவான படியில் I⁻ பங்கெடுக்கிறது. ஆகவே வரைபடம் சொல்வது ஏற வேண்டிய உயரம் மட்டும். வினாடிக்கு எவ்வளவு ஆக்சிஜன் வரும் என்று அதிலிருந்து நேராகப் படிக்க முடியாது. இதே காரணத்தால், முற்றிலும் வேறான இரண்டு வினைகளின் Ea-யை மட்டும் ஒப்பிட்டு இது வேகம், அது மெது என்று தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

## 9. செய்து பார்க்க

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் போதும். ஆய்வகத்தில் இருக்கும் 30 சதவீதத்தைத் தொட வேண்டாம், தோலைச் சுட்டுவிடும், வினையும் கட்டுக்கடங்காமல் பொங்கும். இரண்டு கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். கிழங்கில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதியும் இந்த வினைக்கு வினையூக்கிதான், அதன் மேடு அயோடைடின் மேட்டைவிடத் தாழ்ந்தது. துண்டைச் சுற்றிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு கிளம்பும். முதல் டம்ளரில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

அப்புறம் இன்னொரு துண்டை நன்றாக வேகவைத்து, ஆறவைத்து, அதே அளவு கரைசல் ஊற்றிய மூன்றாவது டம்ளரில் போட்டுப் பாருங்கள். குமிழிகள் வராது, வந்தாலும் மிகக் கொஞ்சம். கொதித்த சூட்டில் நொதியின் வடிவம் குலைந்துவிட்டது, தாழ்ந்த பாதை மூடிவிட்டது. இந்த மூன்று டம்ளருக்கும் ஒரே கிராஃப் தாளில் வளைவு வரையச் சொன்னால், முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே வளைவு, நடுவில் உள்ளதற்கு மட்டும் தாழ்ந்த வளைவு வர வேண்டும். மூன்றுக்கும் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் ஒன்றே.